முதல் கேள்விக்கு முன்னே

இணையம்வழி அனுப்பப்படும் ஒரு வினாநிரலைத் திறப்பவரின் கண்ணில் முதலில் படுவது கேள்வி அன்று. தலைப்பும் அதன் கீழே உள்ள சில வரிகளும்தாம் முதலில் தெரியும். அந்த வரிகளே முன்குறிப்பு. ஆய்வு எதற்காக நடத்தப்படுகிறது, பதிலளிக்க எவ்வளவு நேரம் ஆகும், பதிலளிப்பவர் யார் என்பது பிறருக்குத் தெரியுமா என்ற மூன்று செய்திகளை அது சொல்ல வேண்டும். பார்வைக்கு இஃது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால், முன்குறிப்பில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதியைக் காப்பாற்றுவது கீழே உள்ள கேள்விகளின் பொறுப்பு. குறிப்பில் ஒன்றைச் சொல்லி, கேள்விகளில் வேறொன்றைச் செய்தால், கிடைக்கும் பதில்களை நம்ப முடியாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் ஒரு செயல்திட்டத்தை மேற்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயர்நிலை மூன்றில் தமிழ் பயிலும் 36 மாணவர்கள் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதே அவர்களது தலைப்பு. கூகல் படிவத்தில் 20 கேள்விகளைத் தயாரித்த பிறகு, அவர்கள் எழுதிய முன்குறிப்பு இது:

"அன்பு நண்பர்களே! இஃது எங்கள் செயல்திட்டத்திற்கான கருத்தாய்வு. இக்கால மாணவர்கள் வீட்டில் தமிழ் பேசுவது ஏன் குறைந்துவிட்டது என்பதைக் கண்டறிய விரும்புகிறோம். 5 நிமிடங்கள் மட்டுமே ஆகும். நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது. நன்றி."

நோக்கம், நேரம், பெயர் வெளியிடாமை ஆகிய மூன்றும் இக்குறிப்பில் உள்ளன. ஆயினும், மூன்றிலும் குறை இருக்கிறது.

நோக்கம்: தலைப்பைச் சொல்லலாம், முடிவைச் சொல்லக்கூடாது

"தமிழ் பேசுவது ஏன் குறைந்துவிட்டது" என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். குறைந்துவிட்டதா இல்லையா என்பதை ஆய்வுதான் காட்ட வேண்டும். ஆனால், ஆய்வு தொடங்கும் முன்பே குறிப்பு அதனை முடிவுசெய்துவிட்டது. இதைப் படிக்கும் மாணவர் இரண்டு வழிகளில் திசைமாறக்கூடும். ஒருவர், ஆய்வாளர்கள் எதிர்பார்க்கும் பதில் இதுதான் என்று எண்ணி அதற்கேற்பப் பதிலளிப்பார். மற்றொருவர், தம்மைக் குறை கூறுகிறார்கள் என்று நினைத்து, வீட்டில் எப்போதும் தமிழே பேசுவதாகக் குறித்துவிடுவார். இரண்டு பதில்களுமே அவர்களது உண்மை நிலையைக் காட்டுவதில்லை.

நோக்கத்தை எழுதும்போது, எதைப் பற்றி அறிய விரும்புகிறோம் என்பதை மட்டும் சொன்னால் போதும். "வீட்டில் யாரிடம், எப்போது, எந்த மொழியில் பேசுகிறார்கள்" என்று எழுதினால் தலைப்பு தெளிவாகும். எந்தப் பதில் நல்ல பதில் என்ற குறிப்பும் அதில் இராது.

"செயல்திட்டத்திற்கான கருத்தாய்வு" என்ற தொடரும் போதாது. யாருடைய செயல்திட்டம், முடிவுகள் எங்கே படைக்கப்படும், பதில்களை யார் யார் படிப்பார்கள் என்பவை அதில் இல்லை. தம்முடைய குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்போகும் ஒருவர், அச்செய்தி எங்கே போய்ச் சேரும் என்பதை அறிந்துகொள்ள விரும்புவது இயல்பே.

நேரம்: அளந்த பிறகே எழுத வேண்டும்

"5 நிமிடங்கள் மட்டுமே" என்பது எங்கிருந்து வந்தது? அந்நால்வரில் ஒருவர் படிவத்தை வேகமாக நிரப்பிப் பார்த்திருப்பார். ஆனால், கேள்விகளை உருவாக்கியவருக்கு அவற்றைப் படிக்க நேரம் தேவைப்படாது. எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. ஆகவே, தயாரித்தவர் எடுத்துக்கொள்ளும் நேரம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

சரியான நேரத்தை அறிய முன்னோட்டம் தேவை. இந்த ஆய்வில் இடம்பெறாத உயர்நிலை நான்கு மாணவர்கள் ஐவரிடம் படிவத்தைக் கொடுத்து, திறன்பேசியிலேயே நிரப்பச் சொல்லலாம். ஏனெனில், உண்மையில் பதிலளிக்கப்போகிறவர்களும் பெரும்பாலும் திறன்பேசியையே பயன்படுத்துவார்கள். ஐவரும் முறையே 7, 8, 9, 9, 13 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறார்கள் எனக் கொள்வோம். ஒருவர்கூட 5 நிமிடங்களில் முடிக்கவில்லை. 13 நிமிடங்கள் எடுத்துக்கொண்டவரிடம் காரணம் கேட்டால், சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டிய மூன்று கேள்விகளில்தான் நேரம் சென்றது என்பது தெரியவரும். ஒரு கட்டத்தைத் தொடுவதற்குச் சில வினாடிகள் போதும். ஒரு வாக்கியத்தை யோசித்துத் தட்டச்சு செய்ய ஒரு நிமிடத்திற்கு மேலும் ஆகலாம்.

குறைவான நேரத்தைச் சொன்னால் நிறையப் பேர் பதிலளிக்கத் தொடங்குவார்கள் என்ற எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. மிர்த்தா கலேசிச், மைக்கேல் போஸ்னியாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. ஓர் இணைய வினாநிரலுக்கு 10, 20, 30 நிமிடங்கள் ஆகும் என்று வெவ்வேறு குழுவினரிடம் அவர்கள் அறிவித்தார்கள். அறிவித்த நேரம் கூடக்கூட, தொடங்கியவர்களின் எண்ணிக்கையும் முடித்தவர்களின் எண்ணிக்கையும் குறைந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வினாநிரலின் பிற்பகுதியில் வந்த கேள்விகளுக்கு மக்கள் விரைவாகவும் சுருக்கமாகவும் ஒரே மாதிரியாகவும் பதிலளித்தார்கள்.

எனவே, நீண்ட வினாநிரலின் மேலே குறைந்த நேரத்தை எழுதுவது தீர்வாகாது. ஐந்து நிமிடங்கள் என்று நம்பித் தொடங்கியவர், ஏழாவது நிமிடத்திலும் கேள்விகள் தொடர்வதைக் கண்டால் ஒன்று வெளியேறிவிடுவார். அல்லது மீதமுள்ள கேள்விகளுக்கு எல்லாம் ஒரே வரிசையில் உள்ள விடையைத் தொட்டுக்கொண்டே போவார். வெளியேறியவரின் பதில் வந்து சேராது. அந்த இழப்பாவது கண்ணுக்குத் தெரியும். படிக்காமல் தொட்டவரின் பதில் மற்றவற்றோடு கலந்துவிடும். கடைசிப் பத்துக் கேள்விகளுக்கும் "சில வேளைகளில்" என்ற விடையே வரிசையாக இருந்தால், அது களைப்பின் அடையாளம் எனச் சந்தேகிக்கலாம்.

குறிப்பில் சிறிய எண்ணை எழுத விரும்பினால், முதலில் வினாநிரலைச் சுருக்க வேண்டும். அந்நால்வரும் எழுத்துப் பதில் கேட்கும் கேள்விகளில் இரண்டை நீக்குகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த ஒரு கேள்வியையும் எடுத்துவிடுகிறார்கள். வேறு மூன்று கேள்விகளும் நீங்கின. அவற்றின் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும். எஞ்சியவை 14 கேள்விகள். வேறு ஐவரிடம் மீண்டும் கொடுத்துப் பார்த்தால் 5, 6, 6, 7, 9 நிமிடங்கள் ஆகின்றன. இப்போது, "பெரும்பாலோர்க்கு 6 அல்லது 7 நிமிடங்கள் ஆகும், கடைசிக் கேள்விக்கு விரிவாக எழுதினால் 9 நிமிடங்கள் ஆகலாம்" என்று துணிந்து எழுதலாம்.

பெயர் வெளியிடாமை: பெயரைக் கேட்காமல் இருப்பது மட்டும் போதாது

மூன்றாவது வாக்குறுதியே மிகக் கடினமானது. வீட்டில் தமிழ் பேசாத ஒரு மாணவர், அதனைச் சொல்ல வெட்கப்படலாம். தாத்தா பாட்டியிடம் பேசச் சொற்கள் கிடைக்காமல் ஒதுங்கியிருப்பவரும் இருக்கலாம். இது தம்முடைய பதில் என்று வகுப்புத் தோழர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றினால், அவர் உண்மையை எழுத மாட்டார். அதைவிட மோசமானது, குறிப்பை நம்பி உண்மையை எழுதிய ஒருவர் பின்னர் அடையாளம் காணப்படுவது.

"நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது" என்று எழுதிய அந்நால்வரும் பெயரைக் கேட்கவில்லை. ஆனாலும், அவர்களது முதல் படிவத்தில் அடையாளம் வெளிப்பட மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, படிவத்தின் அமைப்பு. கூகல் படிவத்தில் `Collect email addresses` என்ற ஓர் அமைப்பு உண்டு. பள்ளிக் கணக்கைக் கொண்டு படிவத்தை உருவாக்கும்போது அது முன்னரே இயங்கும் நிலையில் இருக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் அதை அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி பதிவாகும். பள்ளி மின்னஞ்சலில் மாணவரின் பெயரே இடம்பெற்றிருந்தால், பெயரைக் கேட்டதற்கும் கேட்காததற்கும் வேறுபாடு இல்லை. இவ்வமைப்பை `Do not collect` என்று மாற்ற வேண்டும். மாற்றிய பின், ஒரு சோதனைப் பதிலை அனுப்பி, பதில்கள் சேரும் விரிதாளைத் திறந்து பார்க்க வேண்டும். மின்னஞ்சலுக்கென ஒரு பத்தி அங்கே இல்லாவிட்டால்தான் உறுதி கொள்ளலாம்.

அதே விரிதாளில், ஒவ்வொரு பதிலும் வந்த நாளும் நேரமும் தாமாகவே பதிவாகியிருக்கும். ஒரு தோழிக்கு மட்டும் இணைப்பை அனுப்பி, அடுத்த பத்து நிமிடங்களில் ஒரே ஒரு பதில் வந்தால், அது யாருடையது என்பதை ஊகிக்கலாம். அதனால், இணைப்பை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதே முறை.

இரண்டாவது வழி, பின்புலக் கேள்விகள். முதல் படிவம் வகுப்பு, பாலினம், இணைப்பாட நடவடிக்கை ஆகிய மூன்றையும் கேட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் தீங்கற்ற கேள்விதான். ஆனால், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாணவர்கள் 4 வகுப்புகளில் படிக்கிறார்கள்; பாலினம் 2; பள்ளியில் உள்ள இணைப்பாட நடவடிக்கைகள் 8 என்று கொள்வோம். 4, 2, 8 ஆகியவற்றைப் பெருக்கினால் 64 கிடைக்கும். அதாவது, 64 பெட்டிகளில் 36 மாணவர்களைப் பிரித்து வைப்பதற்கு இஃது ஒப்பாகும். பெட்டிகள் ஆள்களைவிட அதிகம் என்பதால் பல பெட்டிகள் காலியாகவே இருக்கும். பல மாணவர்கள் தத்தம் பெட்டியில் தனியாக இருப்பார்கள். ஒரு வகுப்பில் வலைப்பந்து விளையாடும் தமிழ் மாணவி ஒருவர் மட்டும் இருந்தால், அந்தப் பெட்டியில் உள்ள பதில் அவருடையது என்பதைச் சொல்ல அவரது பெயர் தேவையே இல்லை.

இதற்குத் தீர்வைக் காண, நோக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். வீட்டு மொழியை அறிய இணைப்பாட நடவடிக்கை எதற்கு? வகுப்பு எதற்கு? மற்ற வினாநிரல்களில் இருந்ததனால் அக்கேள்விகள் இதிலும் சேர்க்கப்பட்டன. அவை மூன்றும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் புதிய கேள்வி எதுவும் வேண்டியதில்லை. தாத்தா பாட்டி உடன் வசிக்கிறார்களா, உடன்பிறந்தோர் உண்டா என்ற இரண்டு கேள்விகள் முன்னரே உள்ளன. அவற்றால் உருவாகும் பெட்டிகள் நான்கே. 36 பேரை நான்காகப் பிரித்தால் சராசரியாக ஒரு பெட்டிக்கு 9 பேர் இருப்பார்கள். ஏதேனும் ஒரு பெட்டியில் ஐவருக்கும் குறைவானவர்கள் இருந்தால், அதனைத் தனியாகக் காட்டாமல் வேறொரு பெட்டியோடு சேர்த்துக் காட்டலாம்.

மூன்றாவது வழி, பதிலளிப்பவரின் சொந்தச் சொற்கள். "என் அண்ணன் இதே பள்ளியில் படித்தபோது..." என்று ஒருவர் எழுதத் தொடங்கினால் அவர் யார் என்பது தோழர்களுக்குப் புரிந்துவிடும். பெயர்களையும் இடங்களையும் எழுத வேண்டாம் என்று குறிப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். படைப்பில் ஒரு பதிலை மேற்கோளாகக் காட்டும்போது, அதில் உள்ள அடையாளங்களை ஆய்வாளர்கள் நீக்கிவிட வேண்டும்.

சில ஆய்வுகளில் பெயர் தெரிந்தே ஆகவேண்டியிருக்கும். பின்னர் நேர்காணல் நடத்தவோ பரிசு வழங்கவோ முகவரி தேவைப்படலாம். அப்போது, "நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது" என்று எழுதுவது பொய்யாகும். "உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியும், பிறரிடம் வெளியிட மாட்டோம்" என்பதே உண்மை. முன்னது பெயரறியாமை, பின்னது இரகசியம் காத்தல். இரண்டும் ஒன்றல்ல. எது பொருந்துமோ அதனை மட்டுமே எழுத வேண்டும்.

பெயரறியாமைக்கு ஒரு விலையும் உண்டு. 36 பேரில் 25 பேர் மட்டுமே பதிலளித்தால், எஞ்சிய 11 பேர் யார் என்பது தெரியாது. நினைவூட்டலை எல்லாருக்கும்தான் அனுப்ப வேண்டும். அதேபோல், ஒருவர் மறுநாள் வந்து, "என் பதிலை நீக்கிவிடுங்கள்" என்று கேட்டால் அதனைச் செய்ய இயலாது. எந்தப் பதில் அவருடையது என்பது யாருக்கும் தெரியாது. இதனைக் குறிப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இவ்வளவு செய்திகள் இருப்பதால் குறிப்பை நீளமாக எழுதலாமா? எலினோர் சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். இரகசியம் காப்பதைப் பற்றி மிக விரிவாக உறுதி கூறியபோது, மக்கள் பங்கேற்கத் தயங்கினார்கள் என்பதை அவர்கள் கண்டார்கள். இத்தனை உறுதிமொழிகள் தேவைப்படுகின்றன என்றால், கேள்விகள் ஆபத்தானவையாக இருக்கும் என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். தேவையானவற்றைச் சுருக்கமாக, ஒருமுறை மட்டும் சொன்னால் போதும்.

திருத்திய குறிப்பு

"வணக்கம். நாங்கள் உயர்நிலை மூன்றில் தமிழ் பயிலும் நான்கு மாணவர்கள். நம் நிலை மாணவர்கள் வீட்டில் யாரிடம், எப்போது, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை அறிய விரும்புகிறோம். பதில்களைத் தொகுத்து, ஜூலை மாத இறுதியில் தமிழ் வகுப்பில் படைப்போம்.

மொத்தம் 14 கேள்விகள். பெரும்பாலோர்க்கு 6 அல்லது 7 நிமிடங்கள் ஆகும். கடைசிக் கேள்விக்கு விரிவாக எழுதினால் 9 நிமிடங்கள் ஆகலாம்.

பெயர், வகுப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றை நாங்கள் கேட்கவில்லை, அவை பதிவாவதுமில்லை. பதில்களை நாங்கள் நால்வரும் எங்கள் ஆசிரியரும் மட்டுமே படிப்போம். பதிலில் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம்.

பங்கேற்பது உங்கள் விருப்பம். விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம். அனுப்பிய பிறகு பதிலை நீக்க இயலாது. எது யாருடையது என்பது எங்களுக்கும் தெரியாது. ஐயம் இருந்தால் தமிழாசிரியரிடம் கேளுங்கள்."

இக்குறிப்பை எழுதி முடித்ததோடு வேலை முடிவதில்லை. அதன் ஒவ்வொரு வரியையும் படித்து, படிவத்தில் அதற்குரிய இடத்தைப் பார்க்க வேண்டும். "14 கேள்விகள்" என்றால் எண்ணிப் பார்க்க வேண்டும். "மின்னஞ்சல் பதிவாவதில்லை" என்றால் அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். "விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம்" என்றால், எந்தக் கேள்வியிலும் `Required` என்பது இயங்கும் நிலையில் இருக்கக்கூடாது. அப்படி ஒன்று இருந்தால், பதில் தராமல் படிவத்தை அனுப்ப முடியாது; குறிப்பில் கொடுத்த உரிமையைப் படிவம் பறித்துவிடும். குறிப்பும் படிவமும் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டில் ஒன்றைத் திருத்திய பிறகே இணைப்பை அனுப்ப வேண்டும். முதல் பதில் வந்து சேர்ந்த பிறகு குறிப்பை மாற்றினால், முன்னரே பதிலளித்தவருக்குக் கொடுத்த வாக்குறுதி வேறாகிவிடும்.